வடிப்பதும் பிடிப்பதும் ஒரே உப்பு

பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு உப்பு தூரத்துப் பொருள் இல்லை. தெற்கே கிளம்பினால் அதிராம்பட்டினத்தில் உப்பளம். கரையோரமாக இன்னும் போனால் மல்லிப்பட்டினத்தில் மீன் இறங்குகிறது. விற்றது போக மிஞ்சிய மீன் கருவாடாகிறது. வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்த மீனை உப்போடு அடுக்கடுக்காகத் தொட்டியில் போடுவார்கள். நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்பது பொதுவான கணக்கு. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத அந்தத் தொட்டியில் மறுநாள் பார்த்தால் மீன் தண்ணீரில் கிடக்கும். அத்தனையும் மீனுக்குள் இருந்து வந்தது. அதன் பிறகு வெயிலுக்கு மிச்ச வேலைதான். ஆட்டுக்கறியில் போடும் உப்புக்கண்டமும் இதே வழிதான். உப்பு பட்டால் சதை தண்ணீர் விடும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிராத பாடம்.

அதனால்தான் கோழிக்கறியில் முதல் நாளே உப்பைப் பிசறி வைத்தால் கறி சாறோடு இருக்கும் என்று யாராவது சொன்னால், எங்கள் வீடுகளில் அது தலைகீழாகக் கேட்கிறது. "உப்பு போட்டா கறி தண்ணி விட்டுரும்டா, சக்கையாப் போயிடும். இறக்கறதுக்கு முன்னாடி போட்டா போதும்" என்பார் என் அத்தை. மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறுவது எங்களிடம் உண்டு. ஆனால் அது கழுவுவதற்காக. ஐந்து நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். உப்பைக் கறிக்குள் அனுப்பிக் காத்திருப்பது என்ற பழக்கம் இல்லை.

அத்தை சொல்வதும் பொய்யில்லை, மற்றவர் சொல்வதும் பொய்யில்லை. ஒரே உப்பு மீனிலிருந்து நீரை வடிக்கிறது, கோழியில் நீரைப் பிடித்து வைக்கிறது. இது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினால், சதையைப் பற்றி நாம் சாதாரணமாக வைத்திருக்கும் எண்ணத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோழியின் நெஞ்சுக்கறியில் நாலில் மூன்று பங்கு தண்ணீர். புரதம் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். இத்தனை தண்ணீர் இருந்தும் கறியை வெட்டினால் அது ஒழுகுவதில்லை. காரணம், அந்த நீர் பைக்குள் கட்டி வைத்ததுபோல் இல்லை. தசை என்பது நீளவாக்கில் அடுக்கிய இழைகளின் கட்டு. ஒவ்வொரு இழைக்குள்ளும் அதைவிட மெல்லிய நுண்ணிழைகள். அந்த நுண்ணிழைக்குள் தடித்த சரங்களும் மெல்லிய சரங்களும் ஒன்றினுள் ஒன்று நுழைந்து நிற்கின்றன. தடித்தது மயோசின் என்ற புரதத்தால் ஆனது, மெல்லியது ஆக்டினால் ஆனது. கறியில் இருக்கும் நீரில் பெரும்பகுதி இந்தச் சரங்களுக்கு இடையே உள்ள இடைவெளியில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே கறி எவ்வளவு நீரை வைத்துக்கொள்ளும் என்பது அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. சரங்கள் நெருங்கினால் நீர் வெளியேறும். விலகினால் நீருக்கு இடம் கிடைக்கும்.

உயிர் போனதும் இந்த இடைவெளி குறுகத் தொடங்குகிறது. தசையில் மிஞ்சியிருக்கும் சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறுகிறது. அமிலம் ஏற ஏற, புரதங்கள் மேல் இருக்கும் மின்னேற்றம் குறைகிறது. ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளுதல் இப்போது தளர்கிறது. சரங்கள் கிட்டே வருகின்றன. கடையில் வாங்கும் கோழிக்கறி இந்த நெருக்கத்துக்கு ஏற்கெனவே ஆளானது, அல்லது ஆகிக்கொண்டிருப்பது.

இந்த இடத்தில்தான் உப்பு நுழைகிறது. உப்பு நீரில் கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று பிரிகிறது. வேலை செய்வது பெரும்பாலும் குளோரைடு. அது புரதச் சரங்களில் போய் ஒட்டிக்கொண்டு, குறைந்துபோன எதிர்மின்னேற்றத்தைத் திரும்பக் கூட்டுகிறது. சரங்கள் மறுபடி ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன. இந்த விளக்கத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய இறைச்சி ஆய்வாளர் ரைனர் ஹாம். 1983-இல் இங்கிலாந்தில் ஜெரால்டு ஆஃபரும் ஜான் டிரினிக்கும் அதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். தசையிலிருந்து நுண்ணிழைகளைத் தனியே பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உப்புக் கரைசலை அவற்றின் மேல் ஓடவிட்டார்கள். உப்பு ஏற ஏற ஓர் எல்லையைத் தாண்டியதும் நுண்ணிழைகள் பருத்தன. லிட்டருக்கு ஏறக்குறைய 58 கிராம் உப்பு என்ற அளவில் பருமன் இரு மடங்கை எட்டியது. தள்ளுதல் மட்டும் அல்ல, சரங்களைக் குறுக்கே பிணைத்து வைத்திருக்கும் கட்டுகளும் அந்த அளவில் இளகிவிடுகின்றன. மயோசினில் ஒரு பகுதி சரத்தை விட்டுக் கரைந்தே வெளியே வருகிறது.

அதற்கு மேலும் உப்பு ஏறினால்? பருத்தது சுருங்கத் தொடங்குகிறது. உப்பு அயனிகள் மிக அதிகமாகும்போது தண்ணீர் முழுவதும் அவற்றைச் சூழ்ந்துகொள்ளப் போய்விடுகிறது. புரதத்துக்கு நீர் மிஞ்சுவதில்லை. புரதங்கள் தங்களுக்குள் ஒட்டி இறுகுகின்றன. நீர் வெளியே வருகிறது.

மல்லிப்பட்டினத்துத் தொட்டியின் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ மீனில் ஏறக்குறைய 750 கிராம் தண்ணீர். நாலுக்கு ஒன்று என்றால் அதற்கு 250 கிராம் உப்பு. நூறு கிராம் தண்ணீர் 36 கிராம் உப்பைத்தான் கரைக்கும். 750 கிராம் தண்ணீர் 270 கிராமைக் கரைக்கும். அதாவது தொட்டியில் இருப்பது, தண்ணீர் தாங்கக்கூடிய உப்பின் உச்சத்துக்குப் பக்கத்தில். கோழிக்கு என்ன போடுகிறோம்? ஒரு கிலோ கறிக்கு 15 கிராம். அதே 750 கிராம் தண்ணீரில் அது இரண்டு சதவீதம்தான் வரும். பருமன் ஏறிச் செல்லும் பக்கத்தில் கோழி நிற்கிறது. ஏறி முடித்து இறங்கிய பக்கத்தில் கருவாடு நிற்கிறது. அத்தையின் அறிவு கருவாட்டிலிருந்து வந்த அறிவு. அது அங்கே நூற்றுக்கு நூறு சரி.

இரண்டு சதவீதத்தில் ஆய்வுக்கூடத்தில் கண்ட முழுப் பருமன் வராது. ஆனாலும் சமைக்கும்போது போகும் சாறு கண்கூடாகக் குறைகிறது. ஆறு சதவீதம் வரை ஏற்றினால் இன்னும் நிற்கும், ஆனால் அதை யாரால் தின்ன முடியும்? புரதம் போதும் என்று சொல்வதற்கு வெகு முன்னாலேயே நாக்கு போதும் என்று சொல்லிவிடுகிறது.

பலர் இதைச் சவ்வூடு பரவல் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் தன்னைத்தானே மறுக்கிறது. உப்புநீரில் இருக்கும் உப்பு கறிக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். சவ்வு மட்டுமே காரணம் என்றால் நீர் கறியிலிருந்து வெளியே போக வேண்டும், கறி எடை குறைய வேண்டும். ஆனால் உப்புநீரில் ஊறிய கோழி எடை கூடித்தான் வெளியே வருகிறது. செத்த தசையின் சவ்வுகள் வேலியாக நிற்பதும் இல்லை. உப்பு அவற்றைத் தாண்டி மெல்ல உள்ளே பரவுகிறது. உள்ளே போன பிறகு புரதம் பருத்து நீரை இழுத்துக்கொள்கிறது.

உப்பைப் பிசறி வைக்கும் முறையில் இந்த இரண்டு கட்டமும் கண்முன் நடக்கும். தோல் உரித்த நெஞ்சுத்துண்டு ஒன்றை ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுத்து, தட்டில் வைத்து, அதன் எடையில் ஒன்றரை சதவீதம் உப்பைச் சீராகத் தூவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சில நிமிடங்களில் உப்புப் பரல்கள் நனைந்து பளபளக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். ஓரத்தில் கொஞ்சம் வடிந்தும் இருக்கும். மேற்பரப்பில் மட்டும் அப்போது உப்பு உச்ச அளவில் இருக்கிறது, அங்கே நடப்பது கருவாட்டு வேலை. அத்தை இந்த நேரத்தில் வந்து பார்த்தால் "நான் சொன்னேன்ல" என்பார். ஆனால் அதைத் துடைக்காமல் விட்டுவிட வேண்டும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் போனால் முத்துகள் காணாமல் போகும். உப்பு அந்த நீரில் கரைந்து உள்ளே இறங்கி, மேற்பரப்பில் செறிவு குறைந்ததும், பருக்கத் தொடங்கிய சதை தான் விட்ட நீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வெளிறிய இளஞ்சிவப்பு நிறம் கொஞ்சம் ஆழ்ந்து, கண்ணாடித்தன்மை வந்திருக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புதான் கரைந்து வந்த மயோசின்.

இதிலிருந்து நேராக ஒரு சமையல் விதி கிடைக்கிறது. உப்பு போட்டால் ஒன்று அந்த நிமிடமே கல்லில் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டும். இடையில் இருக்கும் பத்து நிமிடமும் இருபது நிமிடமும்தான் மோசமான நேரம். நீர் வெளியே வந்து திரும்பப் போகாத நிலையில் கறி சூட்டில் விழுகிறது. எண்ணெய் தெறிக்கும், கறி வதங்காமல் வேகும், நிறம் பிடிக்காது. 'உப்பு போட்டதால் சக்கையாயிற்று' என்று பலர் சொல்வது இந்த நேரத்தில் சமைத்த கறியைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

சூட்டில் என்ன ஆகிறது? 50 டிகிரியைத் தாண்டும்போது மயோசின் உறைகிறது. 60-க்கு மேல், இழைகளைச் சுற்றி உறைபோல் இருக்கும் கொலாஜன் சுருங்கி உள்ளே இருப்பதைப் பிழிகிறது. 70-ஐத் தாண்டி ஆக்டினும் போனால் கறி விறைத்துவிடுகிறது. உப்பு காணாத நெஞ்சுக்கறி 75 டிகிரிக்கு வரும்போது எடையில் கால் பங்கைக்கூட இழந்துவிடும். உப்பு ஏறிய கறியில் இரண்டு மாற்றம். கட்டுகள் முன்பே இளகிவிட்டதால் சரங்களால் பழைய வேகத்தில் சுருங்க முடிவதில்லை. கரைந்து நின்ற மயோசின் சூட்டில் உறையும்போது நீரைத் தன்னுள் வைத்தே கூழ்மமாகிறது. சந்தேகம் இருப்பவர்கள் ஒரே கோழியின் நெஞ்சை நடுவில் பிளந்து, ஒரு பாதிக்கு உப்பும் மறு பாதிக்கு ஒன்றும் இல்லாமலும் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். சமைப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டால் கண்ணும் நாக்கும் சொல்வதைத் தராசும் சொல்லும்.

உப்பை நிறுத்துப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஐந்தாறு கிராம் வரும். கல்லுப்பு அதே கரண்டியில் பரலுக்குப் பரல் இடைவெளி விட்டு நிற்பதால் எடை மாறும். ஈரம் கோத்திருந்தால் இன்னும் மாறும். குழம்பில் இதைச் சரிசெய்ய வழி உண்டு, கறிக்குள் இறங்கிவிட்ட உப்பை வெளியே எடுக்க வழி இல்லை. கல்லுப்பாக இருந்தால் பொடித்துக்கொள்வது நல்லது. பெரிய பரல் விழுந்த இடத்தில் உப்பு கூடியும் விழாத இடத்தில் சப்பென்றும் போகும்.

இனி உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் முறை. ஒரு கிலோ கறி, அது மூழ்க ஒரு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து இரண்டு கிலோ. கடைசியில் எல்லா இடத்திலும் உப்பு ஒன்றரை சதவீதமாக நிற்க வேண்டும் என்றால் 30 கிராம் போதும். இப்படிப் போட்டால் ஃபிரிட்ஜில் ஓர் இரவு, ஒரு பகல் இருந்தாலும் கரிக்காது, ஏனென்றால் அதற்கு மேல் ஏற உப்பே இல்லை. அவசரம் என்றால் லிட்டருக்கு 50, 60 கிராம் போட்டுத் துண்டுகளை இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். இதில்தான் ஆபத்து. மறந்து மறுநாள் வரை விட்டால் கணக்குப்படி அது இரண்டரை, மூன்று சதவீதத்தை நோக்கிப் போகும். சோற்றோடு பிசைந்தாலும் இறங்காது.

ஊறிய கோழி எடை கூடும் என்றேன். அந்தக் கூடுதல் எடை முழுக்கக் குழாய்த் தண்ணீர். அதில் பாதிக்கு மேல் சூட்டில் திரும்பிப் போய்விடும். மிஞ்சுவது கறியை ஈரமாக்கும், ஆனால் அந்த ஈரத்துக்குக் கோழியின் ருசி இல்லை. வாயில் நீர் இருக்கிறது, கறியின் சுவை நீர்த்திருக்கிறது. மேற்பரப்பும் நனைந்திருப்பதால் வறுவலுக்கு முறுகாது. பிசறி வைத்த கறியில் இருப்பது அதன் சொந்தச் சாறு. வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை, போக வேண்டியதில் கொஞ்சம் போகாமல் நின்றது, அவ்வளவுதான். இரண்டில் எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் தயங்காமல் பிசறி வைப்பதைச் சொல்வேன். முழுக்கோழியை அப்படியே சுடுகிறவர்களுக்கும், மூலை முடுக்கெல்லாம் உப்பு சமமாகப் போக வேண்டும் என்பவர்களுக்கும் தண்ணீர் முறை உதவும். இங்கே அப்படிச் சமைப்பவர்கள் குறைவு.

மசாலாவையும் சேர்த்து ஊறவைத்தால் அதுவும் உள்ளே இறங்கும் என்று நம்புகிறோம். மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் போட்டு இரவு முழுக்க வைத்த துண்டு ஒன்றைப் பொரித்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மஞ்சள் நிறம் ஒரு நூல் அளவு விளிம்போடு நின்றிருக்கும், உள்ளே வெள்ளை. அந்த நடு வெள்ளையை மட்டும் கிள்ளி நாக்கில் வைத்தால் உப்பு இருக்கும். உப்பின் அயனிகள் சிறியவை, நீரில் கரைந்தவை. கறியில் நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நடக்கும். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையவே கரையாது. ஆகவே நேரம் கொடுக்க வேண்டியது உப்புக்கு. மசாலாவை மறுநாள் அரைத்துப் பூசினாலும் பெரிதாக எதுவும் குறையாது.

நேரம் கூடினாலும் கெடும். இரண்டு மூன்று நாள் உப்பில் இருந்த நெஞ்சுக்கறி வெந்த பிறகு நாராகப் பிரியாது. வழுவழுப்பாக வெட்டுப்படும், பல்லில் ரப்பர்போல் துள்ளும். இதே விளைவை வேண்டியே சாசேஜ் செய்பவர்கள் கொத்துக்கறியை உப்பு போட்டு நெடுநேரம் பிசைகிறார்கள். மயோசின் வெளியே வந்து பசைபோல் எல்லாவற்றையும் பிணைக்கிறது. கோலா உருண்டைக்கு உப்பைக் கடைசியில் போட்டு லேசாகப் பிசைந்தால் உருண்டை உதிர்ந்து வாயில் கரையும். முதலிலேயே போட்டு அழுத்திப் பிசைந்தால் பந்தாகும்.

நம் ஊர்க் கடையில் கோழி வாங்குவதில் இன்னொரு விஷயம் உண்டு. கண்முன்னே அறுத்து, உரித்து, வெட்டி, பையில் போட்டுத் தருகிறார்கள். பை சூடாக இருக்கும். அரை மணியில் அது அடுப்பில். புதுக்கறி என்று நாம் மெச்சுவது, தசையின் கண்ணில் அரைகுறை மரணம். உயிர் போன பிறகு ஓரிரு மணி நேரத்தில் தசை விறைக்கும், இன்னும் சில மணி நேரம் கழித்து இளகும். விறைப்பு வரும் வேளையில் எலும்பிலிருந்து எடுத்து வேகவைத்த நெஞ்சுக்கறி கடினமாக இருப்பதற்கு உப்பைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இரவு முழுக்க உப்பு பிசறி வைப்பவர்களுக்கு இந்த இளகல் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. கறி மென்மையானதில் உப்பின் பங்கு எவ்வளவு, காத்திருந்ததன் பங்கு எவ்வளவு என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது. சனிக்கிழமை மாலை வாங்கி ஞாயிறு மதியம் சமைப்பதில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

காத்திருப்பது ஃபிரிட்ஜில்தான் நடக்க வேண்டும். உப்பு போட்டாயிற்றே, கெடாது என்ற நினைப்பு கருவாட்டிலிருந்து வருவது. அங்கே கிருமியைத் தடுப்பது உச்ச அளவு உப்பு. ஒன்றரை சதவீத உப்பில் சால்மொனெல்லா தாராளமாகப் பெருகும். நம் வெயிலில் மேடையில் இரண்டு மணி நேரம் விட்டாலே அது கவலைப்பட வேண்டிய விஷயம். ராத்திரியில் நெடுநேரம் மின்சாரம் போகிற நாட்களில் இந்த வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது. உறைந்த நிலையில் பாக்கெட்டில் வரும் கோழியில் சிலவற்றுக்கு உப்புநீர் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். பாக்கெட்டில் உப்பு என்று எழுதியிருந்தால் மறுபடி போடக் கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகு, இது எங்கே பயன்படாது என்பதையும் சொல்ல வேண்டும். குழம்பில் கொதிக்கும் கோழி நூறு டிகிரியை எட்டிவிடுகிறது. அந்தச் சூட்டில் உப்பு ஏறிய கறியும் நிறைய சாறு விடும். ஆனால் அந்தச் சாறு எங்கும் போகவில்லை, குழம்பில்தான் இருக்கிறது. அது இறங்கியதால்தான் குழம்பு குழம்பாகிறது. நாட்டுக்கோழி, அதிலும் முற்றிய சேவல் என்றால் பிரச்சினையே வேறு. அதன் கடினம் கொலாஜனால் வருவது. உப்பு கொலாஜனை ஒன்றும் செய்யாது. நீண்ட நேரம் ஈரச்சூட்டில் வேக வேண்டும், அப்போதுதான் அது கரைந்து கூழாகும். வாட்டி மஞ்சள் பூசிய நாட்டுக்கோழியை இரண்டு மணி நேரம் வேகவைத்த அத்தையின் அடுப்பில் முன்கூட்டிய உப்புக்கு வேலையே இல்லை. இறக்கும் முன் போட்டால் போதும் என்ற அவர் விதி, அவர் கையில் இருந்த கோழிக்கும் அவர் வைத்த குழம்புக்கும் பொருந்திய விதி. இன்று கடையில் தொங்குவது ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும் பிராய்லர். கொலாஜன் இளசு, நெஞ்சு பெரிது, கொழுப்பு குறைவு. அதை வேகவைப்பது எளிது. உலராமல் வேகவைப்பதுதான் கடினம். கோழி மாறிவிட்டது, விதி மட்டும் பழைய கோழியோடு நிற்கிறது.

இதையெல்லாம் அடுப்படியில் பார்த்துப் பார்த்து எனக்குள் மெல்லத் தெளிந்தது ஒன்று. சாறு என்பது பிடித்து வைப்பதால் நிற்பது என்றுதான் நினைத்திருந்தேன். ஏதோ ஒன்று நீரை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது, சூடு அந்தப் பிடியை உடைக்கிறது என்று. நடப்பது நேர் எதிர். சரங்கள் இறுக இறுகத்தான் நீர் வெளியே தள்ளப்படுகிறது. அமிலம் இறுக்குகிறது, விறைப்பு இறுக்குகிறது, சூடு இறுக்குகிறது, அளவு மீறிய உப்பும் இறுக்குகிறது. நான்கிலும் போவது நீர். அளவான உப்பு எதையும் பற்றுவதில்லை. சரத்துக்கும் சரத்துக்கும் நடுவே இருந்த கட்டை இளக்கி, அவை ஒன்றைவிட்டு ஒன்று சற்றே விலகி நிற்க விடுகிறது. அந்த விலகலில் நீர் தானாகவே தங்குகிறது. அதையும் தாண்டி இளகினால் கறி தன் நாரையும் உருவத்தையும் இழந்து வெறும் கூழ்மமாகிவிடுகிறது. அதைத்தான் ரப்பர் என்று பல் சொல்கிறது. தசை தசையாகவும் இருக்க வேண்டும், நீரும் நிற்க வேண்டும், நாக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் அதற்கு நடுவில் மிகக் குறுகலான ஓர் இடம்தான் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு 10 கிராமில் தொடங்கி 15 கிராமில் முடிந்துவிடும் இடம்.

அந்த ஐந்து கிராமுக்குள் எங்கே நிற்பது என்பது கறியோடு என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. தனியாகச் சுட்டுச் சாப்பிடும் நெஞ்சுக்கறிக்கு 15 ஒத்துவரும். பின்னால் மசாலா பூசுவதாக இருந்தால் 12-இல் நிறுத்திக்கொண்டு, மசாலாவில் உப்பே சேர்க்காமல் அரைக்க வேண்டும். எலும்போடு எடை போட்டால் எலும்பு உப்பை எடுத்துக்கொள்ளாது என்பதை நினைவில் வைத்து, கால் துண்டுகளுக்கு இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். வறுவலின் கடைசியில் வெங்காயம் வதக்கும்போது கை தன்னிச்சையாக உப்பு ஜாடிக்குப் போகும். அப்போது போட வேண்டியது வெங்காயத்துக்கு மட்டும், ஒரு சிட்டிகை.